அப்பாவுக்குப் போட்ட சத்து ஊசி

அம்மா எதையும் தூக்கி எறிய மாட்டாள். பொத்தான், ரப்பர் பேண்டு, தீர்ந்துபோன மருந்தின் அட்டைப்பெட்டி எல்லாம் ஒரு பழைய பிஸ்கட் டப்பாவுக்குள் போய்விடும். 2019 ஏப்ரலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த டப்பாவைத் தரையில் கவிழ்த்துக் கிளறியபோது விரல் நீளத்தில் நான்கு அட்டைப்பெட்டிகள் கிடைத்தன. நான்கிலும் ஒரே பெயர்: நாண்ட்ரோலோன் டெகனோயேட், 50 மில்லிகிராம். "இது என்னம்மா?" என்று கேட்டேன். "அது அப்பாவுக்குப் போட்ட சத்து ஊசி. போட்ட பிறகுதான் மனுஷர் நன்றாகச் சாப்பிட ஆரம்பித்தார்" என்றாள்.

அப்பாவுக்குப் புராஸ்டேட் புற்றுநோய். ஓராண்டாக அவர் உடம்பில் ஆண் ஹார்மோனே இருக்கக் கூடாது என்று மூன்று மாதத்துக்கு ஒரு முறை மதுரைக்கு அழைத்துப்போய் ஊசி போட்டுக்கொண்டிருந்தோம். அந்த ஹார்மோனின் நெருங்கிய உறவுக்காரனை, எங்கள் தெருமுனை கிளினிக்கில் மூன்று வாரத்துக்கு ஒன்றாக நாங்களே காசு கொடுத்து ஏற்றியிருக்கிறோம்.

கதையை முதலிலிருந்து சொல்கிறேன். அப்பா அரசுப் பேருந்தில் ஓட்டுநராக இருந்து ஓய்வு பெற்றவர். 2018 தொடக்கத்தில் அவருக்கு 71 வயது. இரவில் ஐந்து முறை சிறுநீர் கழிக்க எழுந்தார், இடுப்பு வலித்தது. முப்பது வருடம் ஸ்டியரிங் பிடித்தவனுக்கு இடுப்பு வலிக்காதா என்று அவரே அதைத் தள்ளிவிட்டார். ரத்தத்தில் பி.எஸ்.ஏ. பார்த்தபோது 148 என்று வந்தது. புராஸ்டேட் சுரப்பி வெளிவிடும் இந்தப் புரதம் 4-க்கு மேல் போனாலே டாக்டர்கள் யோசிக்கத் தொடங்குவார்கள். திசுப் பரிசோதனையில் புற்று உறுதியானது. எலும்பு ஸ்கேனில் இடுப்பெலும்பிலும் முதுகுத்தண்டின் கீழ்ப்பகுதியிலும் கறுப்புப் புள்ளிகள் தெரிந்தன.

புற்று எலும்புக்குப் பரவிவிட்ட அந்த நிலையில் சுரப்பியை வெட்டி எடுத்துப் பயனில்லை. புராஸ்டேட் செல்கள் டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோனைத் தின்று வளர்பவை. எலும்புக்குள் குடியேறிய பின்பும் அந்தப் பழக்கத்தை விடுவதில்லை. ஆகவே தீனியை நிறுத்துவதுதான் முதல் வைத்தியம். 1941-இல் சிகாகோவில் சார்லஸ் ஹக்கின்ஸ் என்ற அறுவை மருத்துவர் விரைகளை நீக்கினால் பரவிய புற்றும் அடங்குவதைக் காட்டினார். அதற்காக 1966-இல் நோபல் பரிசு பெற்றார். இன்றும் அடிப்படை அதுவேதான். டாக்டர் இரண்டு வழிகளைச் சொன்னார். ஒன்று, விரைகளை நீக்கும் சிறு அறுவை சிகிச்சை. ஒரே முறை, செலவு குறைவு, ஒரு நாளைக்குள் ஹார்மோன் விழுந்துவிடும். மற்றொன்று, மூன்று மாதத்துக்கு ஒரு முறை லியூப்ரோலைடு ஊசி, 22.5 மில்லிகிராம். அப்பா முதல் வழியைக் காதில்கூட வாங்கவில்லை. நாங்களும் வற்புறுத்தவில்லை. இன்று கேட்டால், அந்த அறுவை சிகிச்சையைப் பற்றி இன்னொரு முறை பொறுமையாகப் பேசியிருக்கலாம் என்றுதான் சொல்வேன். தேதி தவறுமோ, ஊசிக்குப் பணம் புரளுமோ என்ற கவலை அதில் இல்லை. புதிதாக அபிரடிரோன் என்ற மாத்திரையையும் சேர்த்துக் கொடுக்கலாம் என்றார் டாக்டர். மாதச் செலவைக் கேட்டுவிட்டு, அதைப் பிறகு பார்க்கலாம் என்று நாங்கள்தான் சொன்னோம்.

லியூப்ரோலைடு எப்படி வேலை செய்கிறது என்று டாக்டர் அப்பாவுக்கு விளக்கியது எனக்கு இன்னும் நினைவிருக்கிறது. மூளையின் அடியில் உள்ள பிட்யூட்டரி சுரப்பிக்கு மேலிருந்து விட்டுவிட்டு ஓர் ஆணை வருகிறது. அது வரும்போதெல்லாம் பிட்யூட்டரி விரைகளைத் தூண்டுகிறது, விரைகள் டெஸ்டோஸ்டிரோன் சுரக்கின்றன. "ஐயா, நீங்கள் விட்டுவிட்டு ஹாரன் அடித்தால் முன்னால் போகிறவன் ஒதுங்குவான். கையை எடுக்காமல் அழுத்திக்கொண்டே இருந்தால்?" என்று கேட்டார். "முதலில் பதறி ஓடுவான். அப்புறம் எவனும் மதிக்க மாட்டான்" என்றார் அப்பா. இந்த ஊசி அப்படிக் கையை எடுக்காமல் அழுத்தும் ஹாரன். முதல் ஒன்றிரண்டு வாரம் பிட்யூட்டரி பதறி ஓடும். டெஸ்டோஸ்டிரோன் குறைவதற்குப் பதில் ஏறும். பிறகு காது மரத்துப்போய், மூன்று நான்கு வாரத்தில் ஹார்மோன் அடிமட்டத்துக்கு வந்துவிடும்.

அந்த முதல் இரண்டு வாரம் ஆபத்தானது என்பதை இதைப் படிப்பவர்கள் மறக்க வேண்டாம். முதுகெலும்பில் புற்று உள்ளவருக்கு அந்தத் தற்காலிக ஏற்றத்தில் கட்டி வீங்கித் தண்டுவடத்தை நெரிக்கலாம், சிறுநீர் அடைத்துக்கொள்ளலாம். அதனால் ஊசிக்கு ஒரு வாரம் முன்பே பைகாலுடமைடு 50 மில்லிகிராம் மாத்திரையைத் தினம் ஒன்று என்று தொடங்கினார்கள். மொத்தம் ஐந்து வாரம் கொடுத்தார்கள். இது ஆண்ட்ரோஜன் எனப்படும் ஆண் ஹார்மோனுக்கு எதிரான மருந்து. ஹார்மோன் சுரப்பதை இது தடுப்பதில்லை. புற்றுச் செல்லில் டெஸ்டோஸ்டிரோன் போய் உட்காரும் இடத்தில் தான் போய் இருந்துகொள்கிறது. பஸ்ஸில் துண்டு போட்டு இடம் பிடிப்பதைப் போல என்று நான் அப்பாவுக்குச் சொன்னேன். துண்டு கிடக்கிற சீட்டில் வேறொருவர் உட்கார முடியாது. துண்டு தானும் பயணம் போவதில்லை. இப்படித் துண்டு போட்டும் முதல் வாரத்தில் அப்பாவுக்கு இடுப்பு வலி சற்றுக் கூடியது. கால் மரத்தாலோ, நடக்கும்போது கால் துவண்டாலோ, சிறுநீர் வராமல் போனாலோ அன்றைக்கே கொண்டுவாருங்கள், மறுநாள் வேண்டாம் என்று சொல்லியிருந்தார்கள். நல்லவேளை, அப்படி எதுவும் ஆகவில்லை. இந்த ஏற்றமே இல்லாமல் பிட்யூட்டரியை நேராக அடைக்கும் டெகரெலிக்ஸ் என்ற ஊசியும் இருக்கிறது. ஆனால் மாதாமாதம் போட வேண்டும்.

மருந்து கேட்டது. ஜூனில் பி.எஸ்.ஏ. 9.2, செப்டம்பரில் 1.4, டிசம்பரில் 0.8. இடுப்பு வலி போய்விட்டது. வளர்ந்த ஆணுக்கு ரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்குச் சுமார் 300 முதல் 1000 நானோகிராம் வரை இருக்கும். சிகிச்சையில் அதை 50-க்குக் கீழே கொண்டுவர வேண்டும்; 20-க்குக் கீழே போனால் இன்னும் நல்லது. அப்பாவுக்கு 18 இருந்தது.

காகிதத்தில் எல்லாம் நன்றாக இருந்தது. மனிதர்தான் தேய்ந்துகொண்டிருந்தார். நள்ளிரவில் திடீரென்று முகமும் மார்பும் தீப்பிடித்ததைப் போல எரிந்து, பனியன் பிழிகிற அளவுக்கு வியர்த்து எழுந்து உட்கார்வார். அம்மா முதல் முறை அதைப் பார்த்துவிட்டு, "எனக்கு மாதவிடாய் நின்றபோது ஃபேனை ஏன் இவ்வளவு வேகமாக வைக்கிறாய் என்று திட்டினீர்களே, இப்போது தெரிகிறதா?" என்றாள். இருவருக்கும் நடப்பது கிட்டத்தட்ட ஒன்றுதான். பாலின ஹார்மோன் சட்டென்று விழும்போது மூளையின் வெப்பக் கட்டுப்பாடு தடுமாறுகிறது. வயிறு பெருத்தது, தொடையும் கெண்டைக்காலும் சூம்பின. மூன்று மாதச் சராசரி சர்க்கரை அளவு 6.1-இலிருந்து 6.9-க்குப் போனது. மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்கினார். சிகிச்சைக்கு முன்பு 12.9 இருந்த ஹீமோகுளோபின் டிசம்பரில் 11.6 ஆனது. எலும்பு மஜ்ஜையை ரத்தச் சிவப்பணு செய்யத் தூண்டுவதில் ஆண் ஹார்மோனுக்கும் பங்கு உண்டு. அது போனால் ஹீமோகுளோபின் ஓரளவு இறங்கும். மதுரையில் இதை எதிர்பார்த்த இறக்கம் என்று சொன்னார்கள். எலும்பு அடர்த்தியும் குறையும் என்று கால்சியமும் வைட்டமின் டியும் கொடுத்து, தினம் அரை மணி நேரம் நடக்கவும், நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சி செய்யவும் சொன்னார்கள். மாத்திரையை விழுங்கினார். பயிற்சியைச் செய்யவில்லை.

அப்பாவைப் பொறுத்தவரை அது வியாதியின் பக்கவிளைவு அல்ல, 'சோர்வு'. சோர்வுக்கு எங்கள் ஊரில் ஒரே மருந்து சத்து ஊசி. 2019 ஜனவரி கடைசியில் அவர் தனியாகவே தெருமுனை கிளினிக்குக்குப் போயிருக்கிறார். அங்கிருந்த இளம் டாக்டர், கால் சூம்பியிருக்கிறது, ரத்தம் குறைவு, வயது 72 என்று பார்த்து நாண்ட்ரோலோன் எழுதினார். வேறு ஏதாவது சிகிச்சை நடக்கிறதா என்று அவர் கேட்டிருக்கிறார். "மூத்திரக் கோளாறுக்கு மதுரையில் மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி" என்று மட்டும் அப்பா சொல்லியிருக்கிறார். புற்று என்ற சொல்லும், விரை என்ற சொல்லும் அவர் வாயிலிருந்து வராது. கோட்டை விட்டது யார் என்று நான் பல நாள் யோசித்தேன். டாக்டர் மதுரைச் சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்க வேண்டும். அப்பா நோயின் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். நான், அவர் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள ஒரு சீட்டாவது எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

நாண்ட்ரோலோன் விஷம் அல்ல. டெஸ்டோஸ்டிரோனின் மூலக்கூறைச் சற்றே மாற்றிச் செய்தது; தசை வளர்க்கும் குணம் தூக்கலாகவும், ஆண்மைக் குணங்களைத் தூண்டுவது குறைவாகவும் இருக்கட்டும் என்று உருவாக்கப்பட்ட அனபாலிக் ஸ்டீராய்டு. சிறுநீரகம் செயலிழந்தவர்களின் ரத்தசோகைக்கு அதைக் கொடுத்து வந்திருக்கிறார்கள். நோயில் உடம்பு உருகிப்போனவர்களுக்கும் கொடுத்திருக்கிறார்கள். ஆனால் தூக்கல், குறைவு என்பதெல்லாம் அளவில்தான். இரண்டு குணத்தையும் முழுதாகப் பிரித்த ஊசி எதுவும் இல்லை. தசையில் அது உட்காரும் சீட்டும், புராஸ்டேட் செல்லில் அது உட்காரும் சீட்டும் ஒரே வகைதான். அதனால்தான் புராஸ்டேட் புற்று உள்ளவருக்கு இதைக் கொடுக்கவே கூடாது என்று மருந்துடன் வரும் தாளிலேயே அச்சிட்டிருக்கிறது. அம்மா அட்டைப்பெட்டியைப் பத்திரப்படுத்தினாள், அந்தத் தாளைத்தான் எறிந்துவிட்டாள்.

அப்பா தேறினார். பசி வந்தது, குரலில் தெம்பு வந்தது, கோயில் வரை நடந்தார். நாங்கள் மதுரை மருந்துக்கு உடம்பு பழகிவிட்டது என்று மகிழ்ந்தோம்.

மார்ச்சில் பி.எஸ்.ஏ. 2.9. ஆய்வகப் பிழையாக இருக்கலாம், மூன்று வாரம் கழித்துத் திரும்பப் பாருங்கள் என்றார்கள். 4.6. அன்று டாக்டரின் அறையில் நடந்ததை எழுதத்தான் இந்தக் கட்டுரையைத் தொடங்கினேன். பி.எஸ்.ஏ. ஏறினால் முதலில் டெஸ்டோஸ்டிரோனைப் பார்க்கிறார்கள். அது உயர்ந்திருந்தால் ஊசி வேலை செய்யவில்லை என்று பொருள். தேதி தள்ளிப்போயிருக்கலாம், சரியாகச் செலுத்தப்படாமல் இருக்கலாம். அது அடிமட்டத்திலேயே இருந்து பி.எஸ்.ஏ. மட்டும் ஏறிக்கொண்டே போனால், புற்று ஹார்மோன் குறைவைத் தாக்குப்பிடிக்கப் பழகிவிட்டது என்று கொள்வார்கள். அது நோயின் அடுத்த கட்டம். மருந்தும் மாறும், செலவும் மாறும். அப்பாவின் டெஸ்டோஸ்டிரோன் 16. ஆகவே அடுத்த கட்டம் என்றுதான் நான் நினைத்தேன். பக்கத்தில் அப்பா தன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

டாக்டர் ஃபைலை மூடவில்லை. ஹீமோகுளோபின் வரிசையில் விரலை வைத்தார். டிசம்பரில் 11.6, இப்போது 12.7. "இரும்புச்சத்து மாத்திரை ஏதாவது கொடுத்தீர்களா?" இல்லை. "ரத்தம் ஏற்றினீர்களா?" இல்லை. "நோய் முற்றுகிறவருக்கு ரத்தம் குறையும். இவருக்குக் கூடுகிறது. ஹார்மோன் இல்லாத உடம்பில் இதைச் செய்வது யார்?" என்றார். பிறகு அப்பாவின் பக்கம் திரும்பி, "ஐயா, இங்கே போடுவது தவிர வேறு ஏதாவது ஊசி, லேகியம், பவுடர்?" என்று கேட்டார். அப்பா, "சத்து ஊசிதான் டாக்டர், வேறொன்றும் இல்லை" என்றார். எனக்கு அதுவே முதல் தகவல். பெயர் தெரியாமல் முடிவு சொல்ல முடியாது, கண்டுபிடித்து வாருங்கள் என்று அனுப்பினார். ரத்தப் பரிசோதனையில் ஏன் தெரியவில்லை என்று கேட்டேன். அந்தப் பரிசோதனை டெஸ்டோஸ்டிரோனைத் தேடுவதற்கு என்று செய்தது. நாண்ட்ரோலோன் வேறு மூலக்கூறு. விளையாட்டு வீரர்களிடம் அதைக் கண்டுபிடிக்கச் சிறுநீரில் தனிச் சோதனை செய்கிறார்கள். சாதாரண ஆய்வகத்தில், ஹார்மோன் இல்லை என்று தாள் சொல்லிக்கொண்டிருக்க, ஹார்மோனின் வேலை உள்ளே நடந்துகொண்டிருக்கும். பைகாலுடமைடு ஐந்தே வாரத்தில் நிறுத்தப்பட்டிருந்ததால் சீட்டில் துண்டும் இல்லை.

லேகியத்தை அவர் கேட்டதற்கும் காரணம் இருந்தது. வீரியத்துக்கு, உடல் தேற்றத்துக்கு என்று விற்கும் சில பொருள்களில் சொல்லாமலே ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனைகளில் அகப்பட்டிருக்கிறது.

டப்பாவைக் கவிழ்த்த கதை உங்களுக்குத் தெரியும். நான்காவது ஊசி மார்ச் 29 அன்று போட்டது. இது எண்ணெயில் கரைத்துத் தசையில் போடும் மருந்து. அங்கே தேங்கிக் கசிந்துகொண்டிருக்கும், எடுத்து வெளியே போட வழியில்லை. புது மருந்து எதையும் தொடங்காமல், லியூப்ரோலைடை மட்டும் தேதி தவறாமல் போட்டுக்கொண்டு காத்திருக்கச் சொன்னார்கள். இரண்டு மாதம் எனக்குத் தூக்கமில்லை. ஜூனில் பி.எஸ்.ஏ. 1.9. ஆகஸ்டில் 0.9. ஹீமோகுளோபின் மறுபடி 11.5-க்கு இறங்கியது, ரத்தம் குறைந்ததற்கு நான் சந்தோஷப்பட்ட ஒரே தடவை அதுதான். அப்பாவுக்கு மட்டும் வருத்தம். தெம்பு வந்தது பொய்யில்லை, அதை நீங்கள் பிடுங்கிவிட்டீர்கள் என்றார். அதற்கு என்னிடம் பதில் இல்லை. அவர் சொன்னது உண்மை.

அந்தத் தெம்பில் கொஞ்சத்தையாவது வேறு வழியில் திரும்பப் பெற்றோம் என்பதையும் சொல்ல வேண்டும். முன்பு செய்யாமல் விட்ட நாற்காலிப் பயிற்சியை அம்மா காலையில் பத்து, மாலையில் பத்து என்று எண்ணி வாங்கினாள். ரப்பர் பட்டையைக் காலில் மாட்டி இழுக்கும் பயிற்சியை ஒரு பிசியோதெரபிஸ்ட் கற்றுக்கொடுத்தார். நான்கு மாதத்தில் நாற்காலியின் கையைப் பிடிக்காமல் எழுந்தார். இரவு வியர்வைக்கு, மாலைக்குப் பிறகு சூடான காப்பியையும் காரத்தையும் குறைத்தது சற்று உதவியது. எலும்புக்கு ஜோலிட்ரானிக் அமில ஊசி தொடங்குவதற்கு முன்பு பல் டாக்டரிடம் அனுப்பினார்கள். அந்த மருந்து ஏறிய பிறகு பல் பிடுங்கினால் தாடை எலும்பு ஆறாமல் போகும் வாய்ப்பு உண்டு. ஆடிக்கொண்டிருந்த இரண்டு பல்லை எடுத்து, புண் ஆறிய பிறகே ஊசி.

இடையில் ஒரு கிளைக்கதை. அக்கா மகனுக்கு அப்போது 24 வயது. ஜிம்முக்குப் போகிறவன். டப்பாவிலிருந்து எடுத்த அட்டைப்பெட்டியைக் கூடத்தில் பார்த்தவன் முகம் வெளுத்துவிட்டது. அதே பெயர் அவனுக்கும் பழக்கம், அதுவும் இதைவிடப் பல மடங்கு அளவில். அவனையும் டாக்டரிடம் உட்கார வைத்தேன். வெளியிலிருந்து ஆண் ஹார்மோன் வந்தால் மூளை, வேண்டியது இருக்கிறது என்று நினைத்து ஆணையை நிறுத்திவிடும். விரைகள் சுருங்கும், விந்தணு ஏறக்குறைய ஒன்றுமில்லாமல் போகலாம், நிறுத்திய பிறகும் திரும்பப் பல மாதம் பிடிக்கும், சிலருக்கு ஓர் ஆண்டுக்கும் மேல் என்றார். அப்பாவின் லியூப்ரோலைடு ஊசியும் அவன் ஊசியும் எதிரெதிர் வேலைக்குப் போட்டவை. இரண்டிலும் வாயடைத்துப்போவது அதே பிட்யூட்டரிதான். மிச்சக் கதையை அவன்தான் சொல்ல வேண்டும்.

அப்பாவுக்கு ஒரு சீட்டு எழுதினேன். 'புராஸ்டேட் புற்று' என்ற சொல்லை எழுதக் கூடாது என்று அடம்பிடித்தார். அரை மணி நேரப் பேச்சுவார்த்தைக்குப் பிறகு, தலைப்பில் 'ஹார்மோன் தடுப்புச் சிகிச்சையில் இருப்பவர்' என்று மட்டும் எழுத ஒப்புக்கொண்டார். அதன் கீழே, டெஸ்டோஸ்டிரோன், நாண்ட்ரோலோன், எந்த அனபாலிக் ஸ்டீராய்டும் கூடாது. கடைசி லியூப்ரோலைடு தேதி. மதுரை டாக்டரின் தொலைபேசி எண். லேமினேட் செய்து ஓட்டுநர் உரிமத்துடன் சேர்த்து வைத்துக்கொண்டார். தெருமுனை கிளினிக்கில் நானே போய் ஒரு நகலைக் கொடுத்தேன். அந்த இளம் டாக்டர் நீண்ட நேரம் அதைப் பார்த்தார். பிறகு, "மூன்று மாதத்துக்கு ஒரு ஊசி என்று சொன்னபோதே நான் கேட்டிருக்க வேண்டும் அண்ணா" என்றார். எனக்குக் கோபம் அதோடு போய்விட்டது.

2021 இறுதியில் பி.எஸ்.ஏ. மறுபடி ஏறியது. 1.6, 2.8, 5.1. டெஸ்டோஸ்டிரோன் 14. டாக்டர் ஹீமோகுளோபினைப் பார்த்தார்: 11.2, ஏறவில்லை. அம்மா பிஸ்கட் டப்பாவையே கையோடு கொண்டுவந்திருந்தாள். அதில் புதிதாக எதுவும் இல்லை. இந்த முறை அடுத்த கட்டம்தான். அட்ரினல் சுரப்பியும் புற்றுச் செல்களும்கூடச் சிறிதளவு ஆண் ஹார்மோன் தயாரிக்கின்றன. அதையும் நிறுத்தும் அபிரடிரோன் 1000 மில்லிகிராமும், கூடவே பிரெட்னிசோலோனும் தொடங்கினார்கள். கல்லீரலைத் தொடக்கத்தில் இரண்டு வாரத்துக்கு ஒரு முறையும், ரத்த அழுத்தத்தையும் பொட்டாசியத்தையும் குறைந்தது மாதம் ஒரு முறையும் பார்க்க வேண்டும். பிரெட்னிசோலோனும் ஸ்டீராய்டுதானே, சீட்டில் கூடாது என்று எழுதியிருக்கிறாயே என்று அப்பா மடக்கினார். அது வேறு குடும்பம், தசை வளர்ப்பதல்ல. அபிரடிரோன் அட்ரினலில் உண்டாக்கும் குறையை ஈடுகட்டத்தான் என்று விளக்க வேண்டியிருந்தது. அபிரடிரோனை வெறும் வயிற்றில் சாப்பிட வேண்டும். உணவுடன் சேர்ந்தால் மருந்து ரத்தத்தில் பல மடங்கு ஏறிவிடும். சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்து, அல்லது சாப்பிடுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு. முதல் பஸ் எடுத்த காலத்திலிருந்து ஐந்து மணிக்குப் பால் காப்பி குடித்துப் பழகியவர் அப்பா. இப்போது ஐந்து மணிக்கு மாத்திரை, ஆறு மணிக்குக் காப்பி. அந்த ஒரு மணி நேரமும் அடுப்படி வாசலில் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்.